கழுத்துக் கட்டியில் ஏன் கார்சினோமா? புற்றுநோய் தொடங்கும் இழையமும் அதன் பெயரும்

கேள்வி: சித்தப்பாவுக்கு வயது 58. கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிறார், வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. கழுத்தில் வந்த கட்டியிலிருந்து துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அறிக்கையில் 'நிணநீர்க்கணு' என்றும் 'மெட்டாஸ்டாட்டிக் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்றும் எழுதியிருக்கிறது. நிணநீர்க்கணுவில் வந்தால் அது லிம்போமா இல்லையா? கார்சினோமா, சார்கோமா, லிம்போமா, லுக்கேமியா நான்கும் எப்படி வேறுபடுகின்றன? விஞ்ஞானம் படிக்காத எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள்.

பதில்:

இல்லை, இது லிம்போமா அல்ல. நிணநீர்க்கணு என்பது நோயை எதிர்க்கும் வெண்குழியங்கள் தங்கும் சிறிய முடிச்சு. புற்றுநோய் உங்கள் சித்தப்பாவின் நிணநீர்க்கணுவில் இருக்கிறது. ஆனால் அது அங்கே பிறக்கவில்லை. கொழும்பில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் கேட்பது "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். நாற்பது வருடமாக வெள்ளவத்தையில் குடியிருப்பவரும் பருத்தித்துறை என்றோ ஹட்டன் என்றோதான் பதில் சொல்வார். புற்றுநோய்க்குப் பெயர் வைப்பதும் அப்படித்தான். எந்த இழையத்தின் கலம் முதலில் கெட்டதோ, அந்த இழையத்தின் பெயரே கடைசிவரை நிலைக்கும். வாயின் உட்தோலில் தொடங்கிய நோய் கழுத்துக்கு வந்தாலும் நுரையீரலுக்குப் போனாலும் அது வாய்ப் புற்றுநோய்தான். மருந்தும் அந்தப் பிறப்பிடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது.

கொழும்பில் நோயியல் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால், இந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு வீட்டார் குழம்பி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சித்தப்பாவின் கட்டியை வைத்தே நான்கையும் விளக்குகிறேன்.

முதலில் கார்சினோமா. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் மேலணி இழையம் என்று படித்திருப்பீர்கள். உடலின் வெளிப்பரப்பையும் உட்பரப்புகளையும் மூடியிருக்கும் கலங்களின் அடுக்கு அது. தோல், வாய், தொண்டை, குடல், சுவாசக் குழாய், சிறுநீர்ப்பை, கருப்பைக் கழுத்து எல்லாவற்றிலும் மேலே விரிந்திருப்பது இதுதான். மார்பகம், புரஸ்டேட், கணையம் போன்றவற்றில் சுரக்கும் வேலையைச் செய்வதும் இதே இழையம்தான். இதிலிருந்து பிறக்கும் புற்றுநோய் எல்லாமே கார்சினோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கலங்கள் ஓயாமல் தேய்ந்து உதிர்கின்றன, ஓயாமல் புதிதாகப் பிரிகின்றன. புகை, பாக்கு, வெயில், வைரஸ் எல்லாம் முதலில் படுவதும் இவற்றின் மேல்தான். பிரிவு அதிகமாக நடக்கும் இடத்தில் பிழை நேரவும் வாய்ப்பு அதிகம்.

சித்தப்பாவின் அறிக்கையில் உள்ள ஸ்குவாமஸ் என்ற சொல், தட்டையான கலங்கள் பல அடுக்காக அமைந்த மேலணியைக் குறிக்கிறது. தோலிலும் வாயிலும் தொண்டையிலும் அதுதான் இருக்கிறது. குடல், மார்பகம் போன்ற இடங்களில் சுரப்பி அமைப்பில் இருந்து வருவதை அடினோகார்சினோமா என்பார்கள். ஆகவே இந்த ஒரு சொல்லே, தேட வேண்டியது பெரும்பாலும் வாய், தொண்டைப் பக்கம்தான் என்று காட்டிவிடுகிறது.

மேலணியின் அடியில் அடித்தள மென்சவ்வு என்று மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. மேலணிக்குள் இரத்தக் குழாய் கிடையாது. இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் அந்தப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன. கலங்கள் கெட்டுப்போய் முழு அடுக்கையும் நிரப்பியிருந்தாலும், படலத்தைத் தாண்டாத வரை அவை வேறெங்கும் போக வழியில்லை. அந்த நிலைக்கு 'கார்சினோமா இன் சிட்டு' என்று பெயர். அந்த இடத்தை வெட்டி எடுத்தால் போதும். படலத்தைத் துளைத்துக் கீழே இறங்கிய பின்புதான் நிணநீர்க் குழாய்க்குள் நுழைய முடியும். மேலணிப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் போவது அருகிலுள்ள நிணநீர்க்கணுவுக்குத்தான். வாயின் நிணநீர் வடிவது தாடைக்குக் கீழேயும் கழுத்தின் மேற்பக்கத்திலும் உள்ள கணுக்களுக்கு. சித்தப்பாவின் கட்டி தாடையின் மூலைக்குக் கீழே இருந்தால், அது வந்த வழி இதுதான்.

இதை நுணுக்குக்காட்டியில் எப்படி அறிகிறார்கள்? எடுத்த துண்டை போர்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கனத்தில் சீவுவோம். பிறகு ஹெமடொக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுவோம். கரு ஊதா நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஆரோக்கியமான நிணநீர்க்கணுவில் சிறிய உருண்டையான வெண்குழியங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். சித்தப்பாவின் கணுவில் அவற்றின் நடுவே முற்றிலும் வேறான பெரிய கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தீவுதீவாக நின்றிருக்கும். ஒட்டி நிற்பது மேலணியின் குணம். சில தீவுகளின் நடுவே சுருண்ட இளஞ்சிவப்பு வட்டங்கள் தெரியும். அவற்றைக் கெரட்டின் முத்துகள் என்கிறோம். கெரட்டின் என்பது தோலும் மேலணியும் செய்யும் புரதம். நிணநீர்க்கணு அதை ஒருபோதும் செய்யாது. கெரட்டின் முத்து ஒன்று தெளிவாகக் கிடைத்தாலே நோயியல் நிபுணர் தயங்காமல் எழுதிவிடுவார்.

எல்லாக் கட்டியும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கலங்கள் மிகவும் கெட்டுப்போனால் தாய் இழையத்தின் சாயலே மறைந்துவிடும். அப்போது குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடி ஒட்டும் எதிர்ப்பொருள் சாயம் போட வேண்டும். சைட்டோகெரட்டின் சாயம் பிடித்தால் கார்சினோமாவின் பக்கம் சாயலாம். சீ.டீ.45 பிடித்தால் வெண்குழிய வம்சம், அதாவது லிம்போமாவின் பக்கம். டெஸ்மின் பிடித்தால் தசையின் பக்கம். ஆனால் ஒரே சாயத்தை நம்பி முடிவு சொல்லக்கூடாது. சினோவியல் சார்கோமா போன்ற சில சார்கோமாக்களும் கெரட்டின் சாயத்தை ஏற்கும், சில லிம்போமாக்கள் சீ.டீ.45-ஐ ஏற்காமல் இருக்கும். அதனால்தான் நான்கைந்து சாயங்களைச் சேர்த்துப் போட்டு ஒப்பிடுகிறார்கள். அறிக்கை தாமதமாகும்போது வீட்டார் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் பல வேளைகளில் அந்தத் தாமதத்துக்குக் காரணம் இந்த இரண்டாம் சுற்றுச் சாயம்.

இனி லிம்போமா. இதே கழுத்தில், இதே இடத்தில், நிணநீர்க்கணுவுக்குச் சொந்தமான லிம்போசைட்டு என்ற வெண்குழியமே கெட்டுப் பெருகியிருந்தால் அது லிம்போமா. அங்கே வெளியார் தீவுகள் இருக்காது. கணுவின் ஒழுங்கான அமைப்பே அழிந்து, ஒரே மாதிரியான கலங்கள் ஒட்டாமல் பரவிக் கிடக்கும். கையால் தொடும்போதும் பெரும்பாலும் வேறுபாடு தெரியும். கார்சினோமா ஏறிய கணு கடினமாக, நாளடைவில் அடியோடு ஒட்டி அசையாமல் இருக்கும். லிம்போமாக் கணு ரப்பர் போல அமுங்கும், பல கணுக்கள் சேர்ந்து வீங்கும். இரண்டிலும் பொதுவாக வலி இருக்காது. கையை மட்டும் நம்பி எந்த வைத்தியரும் முடிவு சொல்லமாட்டார், நீங்களும் சொல்ல வேண்டாம்.

லிம்போமாவில் ஹொட்ஜ்கின் வகை தனித்தது. 1832-இல் லண்டன் வைத்தியர் தோமஸ் ஹொட்ஜ்கின் விவரித்த நோய். கணு முழுவதும் சாதாரண அழற்சிக் கலங்கள் நிறைந்திருக்க, அவற்றின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இரட்டைக் கருவும் தடித்த கருமணியும் கொண்ட பெரிய கலம் தெரியும். அதற்கு ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலம் என்று பெயர். நோயின் அடையாளம் இந்தக் கலம்தான், ஆனால் கட்டியில் இது சிறுபான்மை. மெல்லிய ஊசி குத்தி எடுத்த துளியில் இது அகப்படாமல் போகலாம். லிம்போமா சந்தேகம் என்றால் இயன்றவரை முழுக் கணுவையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். சித்தப்பாவைப் போல கார்சினோமா சந்தேகம் உள்ளவருக்கு நேர்மாறு. முதலில் வாயையும் தொண்டையையும் பார்த்து, ஊசி மூலம் துளியோ துண்டோ எடுப்பார்கள். கழுத்தை அவசரப்பட்டுத் திறப்பதில்லை. திறந்தால் பின்னால் செய்ய வேண்டிய பெரிய சத்திரசிகிச்சைக்கு இடையூறாகும்.

இலங்கையில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. காசநோயும் கழுத்துக் கணுவை வீங்கச் செய்யும், மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் மெலிவும் தரும். லிம்போமாவிலும் இவையே இருக்கலாம். இரண்டையும் வெளியிலிருந்து பிரிக்க முடியாது. துண்டு எடுக்கும்போது ஒரு பகுதியைப் போர்மலினில் போடாமல் உவர்க்கரைசலில் வைத்துக் காசக் கிருமி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் போர்மலின் கிருமியைக் கொன்றுவிடும். முழுவதும் போர்மலினுக்குள் போய்விட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். இன்னொரு சிக்கல் ஸ்டீரொயிட். வீக்கம் வடியட்டும் என்று சோதனைக்கு முன்பே ஸ்டீரொயிட் கொடுத்தால் லிம்போமாக் கலங்கள் தற்காலிகமாகச் சுருங்கி மறைந்து, துண்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கட்டி குறைந்ததைப் பார்த்து வீட்டார் மகிழ்வார்கள், நோய் உள்ளே வளரும்.

லுக்கேமியாவுக்குக் கட்டியே வேண்டியதில்லை. இரத்தக் கலங்கள் பிறக்கும் எலும்பு மச்சையில்தான் அது தொடங்குகிறது. கெட்டுப்போன வெண்குழியங்கள், கடுமையான வகைகளில் முதிர்ச்சி அடையாதவை, மச்சையை நிரப்பி இரத்தத்திலும் வழிகின்றன. அவை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நல்ல கலங்கள் உருவாவதில்லை. செங்குழியம் குறைந்து வெளிறிப்போவது, சிறுதட்டுக் குறைந்து முரசில் இரத்தம் கசிவது, வேலை செய்யும் வெண்குழியம் இல்லாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது எல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான்.

கொழும்புக்காரருக்கு இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றாலே டெங்கு என்று எப்.பி.சி. செய்து சிறுதட்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறோம். டெங்குவிலும் சிறுதட்டுக் குறையும், வெண்குழியமும் குறையும். ஆனால் காய்ச்சல் விட்டுச் சில நாட்களில் இரண்டும் ஏறத் தொடங்கும். ஏறாமலே இருந்தாலோ, பிள்ளை வெளிறிக்கொண்டே போனாலோ, எலும்பு வலிக்கிறது என்று நடக்க மறுத்தாலோ, இரத்தத் துளியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பிளட் பிக்சர் பரிசோதனையைக் கேளுங்கள். லுக்கேமியா என்றால் முதிராக் கலங்கள் பெரும்பாலும் அங்கே கண்ணுக்கு நேரே தெரியும். அதன் பின் இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுத்து உறுதி செய்வார்கள். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் லிம்போப்ளாஸ்டிக் லுக்கேமியா என்ற கடுமையான வகை. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் அது கூடுதலாகத் தோன்றுகிறது. சிகிச்சை நீண்டது, இரண்டு மூன்று ஆண்டுகள் கூட ஆகலாம். ஆனால் நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று.

லிம்போமாவுக்கும் லுக்கேமியாவுக்கும் இடையில் சுவர் கட்ட முடியாது. இரண்டுமே இரத்தக் கல வம்சத்தவை. லிம்போப்ளாஸ்டு என்ற அதே முதிராக் கலம் கணுவில் கட்டியாக நின்றால் லிம்போமா என்றும் மச்சையில் நிறைந்திருந்தால் லுக்கேமியா என்றும் சொல்கிறோம். பிரிப்பது மச்சையில் உள்ள முதிராக் கலங்களின் வீதம்தான். சிகிச்சை கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே ஒரு வைத்தியர் லிம்போமா என்றும் இன்னொருவர் லுக்கேமியா என்றும் சொன்னால் இருவரில் ஒருவர் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம்.

சார்கோமாவைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது அரிது. பெரியவர்களின் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. எலும்பு, கசியிழையம், கொழுப்பு, தசை, இரத்தக் குழாய் போன்றவற்றிலிருந்து அது தொடங்குகிறது. எலும்புச் சார்கோமா வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலை ஒட்டிய எலும்பில்தான் அதிகம் வரும். விளையாடும்போது பட்ட அடி என்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் தேய்ப்பார்கள். இரவில் வலிப்பதும் ஓய்விலும் வலிப்பதும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும் என்பதன் அறிகுறி. சார்கோமா கார்சினோமாவைப் போல நிணநீர்க்கணு வழியாகப் போவது குறைவு. பெரும்பாலும் இரத்தத்தின் வழியே நேராக நுரையீரலுக்குப் போகும். அதனால் சார்கோமா உள்ளவருக்கு மார்பு ஸ்கேன் முக்கியம்.

தொடையிலோ தோளிலோ ஆழத்தில் இருக்கும், ஐந்து சென்ரிமீட்டருக்கு மேற்பட்ட, வளர்ந்துகொண்டே போகும் கட்டியை "கொழுப்புக் கட்டிதான், எடுத்துவிடலாம்" என்று ஸ்கேனும் சோதனையும் இல்லாமல் வெட்ட விடாதீர்கள். பெரும்பாலான கொழுப்புக் கட்டிகள் பாதிப்பில்லாதவைதான். ஆனால் அது சார்கோமாவாக இருந்து பாதியாக வெட்டப்பட்டால், கலங்கள் சுற்றியுள்ள தசைக்குள் சிதறி, மறுபடி பெரிய அளவில் வெட்ட நேரிடும்.

எலும்பில் இருக்கும் புற்றுநோய் எல்லாம் எலும்புச் சார்கோமா என்றும் நினைக்க வேண்டாம். வயதானவரின் முதுகெலும்பில் தெரிவது பெரும்பாலும் மார்பகத்திலிருந்தோ புரஸ்டேட்டிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ வந்த கார்சினோமாதான். சித்தப்பாவின் கணுவில் நடந்ததே அங்கும் நடந்திருக்கிறது.

இந்த நான்கிலும் அடங்காதவையும் உண்டு. தோலின் நிறக் கலத்திலிருந்து வரும் மெலனோமா மேலணியில் இருந்தாலும் கார்சினோமா ஆகாது. மூளையின் தாங்கு கலங்களில் பிறக்கும் கிளையோமாவும், விதையிலோ சூலகத்திலோ உள்ள இனக் கலங்களில் பிறப்பவையும் தனி வகைகள்.

இனிச் சித்தப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். 'மெட்டாஸ்டாட்டிக்' என்ற சொல்லைப் பார்த்து வீட்டார் நம்பிக்கை இழந்திருப்பீர்கள். அந்தச் சொல் இங்கே சொல்வது, பிறந்த இடத்திலிருந்து நோய் கணுவுக்கு வந்துவிட்டது என்பதை மட்டுமே. கழுத்துக் கணுவுக்கு வருவதும் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போவதும் ஒன்றல்ல. கழுத்தோடு நின்றிருந்தால் முற்றாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தொடங்குவார்கள். நிலை முன்னேறியது என்பது உண்மை, ஆகவே நாட்களை வீணாக்கக்கூடாது.

முதல் வேலை, பிறப்பிடத்தைக் கண்டுபிடிப்பது. அவர் வெற்றிலை போடுபவர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைக் கூட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம். எனவே கூட்டை ஒதுக்கி வைக்கும் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கடைவாய்ப் பல்லின் பின்புறம் எல்லாம் நல்ல வெளிச்சத்தில், பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டுப் பார்க்கப்பட வேண்டும். ஆறாத புண், கையால் தொட்டால் தடித்த இடம், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று விரலை நிமிர்த்தி வைக்குமளவு வாய் திறக்கவில்லை என்றால், பாக்கினால் உட்தோல் இறுகிப்போகும் நோயும் இருக்கலாம். அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வாயில் ஒன்றும் தென்படாவிட்டால் காது மூக்குத் தொண்டை நிபுணர் குழாய்க் கமரா விட்டு டொன்சில், நாக்கின் வேர், மூக்கின் பின்புறம், குரல்வளை எல்லாம் பார்ப்பார். எடுத்த துண்டிலேயே இரண்டு சோதனைகள் உதவும். பீ16 சாயம் பிடித்தால் டொன்சில், நாக்கு வேர்ப் பக்கம் தேட வேண்டும், ஏனெனில் அங்கே எச்.பி.வி. வைரஸ் காரணமாக வருவது உண்டு. ஈ.பி.வி. வைரஸின் தடயம் இருந்தால் மூக்கின் பின்புறம். இவை செய்யப்பட்டனவா என்று நோயியல் அறிக்கையின் கடைசிப் பகுதியில் பாருங்கள்.

அடுத்து கழுத்துக்கும் மார்புக்கும் சீ.டீ. ஸ்கேன். பிறகு சத்திரசிகிச்சை நிபுணரும் கதிர்ச் சிகிச்சை நிபுணரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். வாயில் தொடங்கியிருந்தால், அந்த இடத்தையும் கழுத்துக் கணுக்களையும் அகற்றி, தேவைக்கேற்ப கதிர்ச் சிகிச்சையும் சிஸ்பிளாட்டின் மருந்தும் தருவது வழக்கம். லிம்போமாவாக இருந்திருந்தால் இந்த வெட்டே இருந்திருக்காது, மருந்தே பிரதான சிகிச்சையாக இருந்திருக்கும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பினால், பரிந்துரைக் கடிதத்தோடு அறிக்கையின் மூலப்பிரதியையும் கொண்டுசெல்லுங்கள். துண்டு பதித்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தட்டுகளையும் கேட்டால், சோதித்த ஆய்வுகூடத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். மறுபடி சாயம் போட வேண்டி வந்தால் அதே கட்டை போதும், இன்னொரு முறை துண்டு எடுக்கத் தேவைப்படாமல் போகலாம்.

கதிர்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் பல் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். கதிர் பட்ட தாடையெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடும், அதன் பிறகு பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பு அழுகும் அபாயம் உண்டு. எடுக்க வேண்டிய பல்லை இப்போதே எடுத்து, ஈறு ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுக்க வேண்டும். வெற்றிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.